பம்பு சத்தம் நின்றது, காற்று நிற்கவில்லை

குளிர் தொடங்கி ஹீட்டிங்கை முதல் தடவை போட்ட அன்று இரவே சத்தம் வந்துவிட்டது. எங்கள் வீடு இரண்டு தளம். பாய்லரும், சுடுதண்ணீரை ரேடியேட்டர்களுக்குச் சுற்றிவிடும் பம்பும் கீழே ஒரு சிறிய அறையில் இருக்கின்றன. ஒரு டப்பாவில் சிறு கற்களைப் போட்டு மெதுவாகக் குலுக்கினால் எப்படிக் கேட்குமோ, அப்படி ஒரு கரகரப்பு பம்பிலிருந்து வந்தது. மேல் தளத்தில் கடைசி அறையின் ரேடியேட்டரிலோ வேறு சத்தம். உள்ளே ஒரு ஓடை போவது போல சளசளவென்று தண்ணீர் விழும் ஒலி. பகலில் பெரிதாகத் தெரியாது. வீடு அடங்கிய பிறகு அந்த அறையில் யாராலும் தூங்க முடியவில்லை.

பழுது பார்க்க வந்தவர் பம்பின் மேல் கையை வைத்தார், இரண்டு நிமிடம் கேட்டார், "பேரிங் போய்விட்டது" என்றார். பம்பு பழையது என்பதால் நானும் மறுபேச்சுப் பேசவில்லை. புதுப் பம்பு வந்தது. பழைய பம்பில் வேகத்தை மாற்றும் சுவிட்ச் 3-ல் இருந்ததால் புதியதையும் 3-லேயே வைத்துவிட்டுப் போனார். பன்னிரண்டு நாள் வீடு அமைதியாக இருந்தது. பதின்மூன்றாம் நாள் அதே கரகரப்பு திரும்பி வந்தது.

புதுப் பம்பின் பேரிங் பன்னிரண்டு நாளில் போகாது. அப்படியானால் பழைய பம்பின் பேரிங்கும் போயிருக்காது என்று அப்போதுதான் உறைத்தது. அதன் பிறகு மூன்று வாரம் இந்தச் சத்தத்தின் பின்னாலேயே அலைந்தேன். அதில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். பம்பை மாற்றுவதற்கு முன் இதைப் படிக்க யாருக்காவது வாய்த்தால் நல்லது.

முதலில் பேரிங் சத்தத்தையும் காற்றுச் சத்தத்தையும் பிரித்தறிவது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்து, முனையைப் பம்பின் உடம்பில் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் அழுத்திக்கொண்டால் உள்ளே நடப்பது தெளிவாகக் கேட்கும். பேரிங் தேய்ந்திருந்தால் சத்தம் ஒரே சீராக வரும். வேகத்தை மாற்றினால் அதன் சுருதி மாறுமே தவிர குணம் மாறாது. காற்று அப்படியல்ல. பத்து விநாடி பலமாகக் கரகரக்கும், அப்புறம் அடங்கும், மறுபடி ஒரு கொத்தாக வரும். பம்பைக் கால் மணி நேரம் நிறுத்திவைத்து மறுபடி போட்டுப் பாருங்கள். தேய்ந்த பேரிங் முதல் சுற்றிலிருந்தே கத்தும். காற்றாக இருந்தால் போட்டதும் பெரும்பாலும் சில விநாடிகள் அமைதி, அதன் பிறகு குமிழிகள் சுற்றி வந்து சேரும்போது சத்தம் ஆரம்பிக்கும். என் பம்பு இரண்டாவது வகைக்கு அப்படியே பொருந்தியது.

இந்த வகைப் பம்புகளில் மோட்டாரின் சுழலும் பகுதியே தண்ணீருக்குள்தான் இருக்கிறது. பேரிங்குக்கு எண்ணெய் கிடையாது, உள்ளே இருக்கும் தண்ணீர்தான் உயவு. அதனால் காற்றோடு வெகுநாள் ஓடவிட்டால், இன்று கெடாத பேரிங் நாளை கெட்டுப்போகும். அச்சு கிடைமட்டமாக இருக்கும்படி பம்பைப் பொருத்த வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் சொல்வதற்கும் இதுவே காரணம். மோட்டாரை மேல்நோக்கி நிறுத்திவைத்தால் காற்று அதற்குள் போய்த் தங்கிவிடும். என்னுடையது சரியாகத்தான் பொருத்தப்பட்டிருந்தது. அதை முதலிலேயே பார்த்து ஒதுக்கிவிட்டேன்.

அடுத்து நான் செய்தது, எல்லோரும் செய்வதுதான். வேகத்தை 3-லிருந்து 1-க்குக் குறைத்தேன். சத்தம் உடனே நின்றது. அன்று இரவு அந்த அறையில் நிம்மதியாகத் தூங்கினோம், வேலை முடிந்தது என்றும் நினைத்தேன். இரண்டு நாள் கழித்து மேல் தளத்துக் கடைசி ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தால், கீழ்ப்பாதி வெதுவெதுப்பு, மேல்பாதி சில்லென்று இருந்தது. மேலே குளிர்ந்தும் கீழே சூடாகவும் ஒரு ரேடியேட்டர் இருந்தால் அதன் தலையில் காற்று உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். அடிப்பகுதியின் நடுவில் மட்டும் குளிர்ந்திருந்தால் அது பெரும்பாலும் சேறு, வேறு கதை.

சத்தம் நின்றது ஏன், காற்று போகாதது ஏன் என்பதற்குத் தண்ணீரின் வேகம்தான் விடை. குழாயில் தண்ணீர் விநாடிக்குச் சுமார் 0.6 மீட்டருக்கு மேல் ஓடினால் குமிழிகளைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும், கீழ்நோக்கி இறங்கும் குழாயில்கூட. அதற்குக் குறைந்தால் குமிழி தன் போக்கில் மேலே ஏறி, உயரமான இடத்தில் தங்கிவிடும். 1.2 மீட்டரைத் தாண்டினால் காற்றே இல்லாவிட்டாலும் ஓட்டமே இரைய ஆரம்பிக்கும். எங்கள் வீட்டுப் பிரதான செம்புக் குழாய் வெளிவிட்டம் 22 மில்லிமீட்டர், உள்விட்டம் 20 என்று வைத்துக்கொள்ளலாம். நான் பின்னால் கணக்குப் போட்டபோது, வேகம் 3-ல் அதற்குள் தண்ணீர் விநாடிக்குச் சுமார் 1 மீட்டர் ஓடியது, வேகம் 1-ல் 0.43 மீட்டர்தான். ஆக, 3-ல் காற்று முழுச் சுற்றும் சுற்றிப் பம்புக்குள் வந்து கரகரத்தது. 1-ல் அதே காற்று மேல் ரேடியேட்டரில் ஏறிச் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொண்டது. காற்றின் அளவு துளியும் குறையவில்லை, இருக்கும் இடம் மட்டும் மாறியிருந்தது.

சரி, காற்றை வெளியே விடலாம் என்று ரேடியேட்டர்களைத் திறந்தேன். சதுர வாய் உள்ள சிறு சாவியால் ரேடியேட்டரின் மேல்மூலையில் உள்ள திருகைக் கால் சுற்றுத் திருப்பினால் 'இஸ்ஸ்' என்று காற்று வரும், பிறகு துப்பித் துப்பித் தண்ணீர் வரும், கடைசியில் சீரான தண்ணீர்க் கம்பி வரும். அப்போது மூட வேண்டும். செய்தேன், ரேடியேட்டர் முழுதும் சூடானது. ஒரே வாரத்தில் மறுபடி தலை குளிர்ந்தது. மறுபடி செய்தேன், மறுபடி குளிர்ந்தது. மூன்றாவது தடவைதான் சரியான கேள்வி வந்தது. இவ்வளவு காற்று எங்கிருந்து வருகிறது? மூடிய சுற்று இது. ஒரு தடவை வெளியே விட்டால் தீர்ந்துபோக வேண்டும்.

மூடிய சுற்றுக்குள் வாயு சேர முக்கியமாக மூன்று வழி உண்டு. முதலாவது, புதுத் தண்ணீரோடு வருவது. குழாய்த் தண்ணீரில் காற்று கரைந்திருக்கிறது, சூடாக்கினால் அது பிரிந்து வெளியே வரும். அடுப்பில் வைத்த பாத்திரத்தில் தண்ணீர் கொதிப்பதற்கு வெகு முன்பே ஓரமெல்லாம் சிறு குமிழி ஒட்டுமே, அதுதான். 10 டிகிரித் தண்ணீர் பிடித்துவைக்கும் காற்றில் ஏறக்குறைய பாதியைத்தான் 60 டிகிரியில் அதனால் பிடித்துவைக்க முடியும். இரண்டாவது, எங்கோ ஓரிடத்தில் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைந்து, வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படுவது. மூன்றாவது, உள்ளே இரும்பு அரிக்கப்படும்போது உண்டாகும் ஹைட்ரஜன். (ரேடியேட்டரிலிருந்து வரும் வாயு எரிகிறதா என்று தீக்குச்சி வைத்துப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.) என் சுற்றில் முதல் இரண்டும் சேர்ந்து நடந்துகொண்டிருந்தன. அது எனக்குத் தானாகத் தெரியவில்லை. ஹீட்டிங் வேலையில் வெகுகாலம் இருந்து ஓய்வு பெற்ற, நான் அண்ணன் என்று கூப்பிடும் ஒருவர் வந்துதான் காட்டினார்.

அவர் பம்பின் பக்கமே போகவில்லை. "தம்பி, பம்பை விடு. காலையில் பாய்லர் போடுவதற்கு முன்னால் கேஜில் முள் எங்கே நிற்கிறது, நன்றாகச் சூடானபிறகு எங்கே நிற்கிறது, சொல்லு" என்றார். அழுத்தம் காட்டும் அந்தக் கேஜை நான் பார்த்ததே இல்லை. மறுநாள் பார்த்தேன். குளிர்ந்திருக்கும்போது 0.6 பார். நன்றாகச் சூடானதும் 2.8 பார். தொலைபேசியில் சொன்னதும், "ரிலீஃப் வால்விலிருந்து வெளியே போகும் குழாயின் வாயைத் தொட்டுப் பார்" என்றார். வெளிச்சுவரில் இருந்த அந்தச் செம்புக் குழாயின் நுனி ஈரமாக இருந்தது. கீழே சுவரில் ஒரு விரல் அகலத்துக்குச் சுண்ணாம்புக் கறை. அழுத்தம் மிஞ்சினால் தண்ணீரை வெளியே விடும் அந்த வால்வு 3 பாரில் திறக்கும் வகை. முள் 2.8 என்று காட்டும்போதே கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டிருந்திருக்கிறது.

இப்போது படம் தெளிவானது. தண்ணீர் சூடானால் விரியும். விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்கத்தான் எக்ஸ்பான்ஷன் டேங்க் இருக்கிறது. உள்ளே ஒரு ரப்பர்த் திரை, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் அடைத்த காற்று. அந்தக் காற்று மெத்தை நன்றாக இருந்தால் குளிருக்கும் சூட்டுக்கும் இடையே முள் அரை பார் அளவுக்குத்தான் ஏறி இறங்கும். எனக்கு 2.2 பார் ஏறியது. டேங்கின் காற்று பெரும்பாலும் போய்விட்டிருந்தது. அதனால் சூடாகும்போது அழுத்தம் எகிறுகிறது, ரிலீஃப் வால்வு தண்ணீரைச் சிந்துகிறது, குளிரும்போது சிந்திய அளவுக்கு அழுத்தம் கீழே விழுகிறது. முள் கீழே கிடப்பதைப் பார்த்து வீட்டில் யாராவது நிரப்பும் குழாயைத் திறந்து புதுத் தண்ணீர் விட்டிருக்கிறோம், வாரம் ஒருமுறையாவது. ஒவ்வொரு தடவையும் புதுக் காற்றை நாங்களே உள்ளே ஊற்றியிருக்கிறோம். புதுப் பம்பு பன்னிரண்டு நாள் அமைதியாக இருந்ததும் இதனால்தான். மாற்றும்போது 1.5 பார் வரை நிரப்பிக் காற்றை விட்டிருந்தார்கள். அந்த அழுத்தம் சொட்டுச் சொட்டாக இறங்கி முடிய பன்னிரண்டு நாள் ஆகியிருக்கிறது.

உறிஞ்சும் கதை இதைவிடச் சுவையானது. அண்ணன் வீட்டுக்கு வந்த அன்று என்னை மேல் தளத்துக்குக் கூட்டிப்போனார். திரும்பிவரும் குழாயின் உச்சியில், ஒரு அலமாரிக்குள், தானியங்கி ஏர் வென்ட் ஒன்று இருக்கிறது. கட்டைவிரல் அளவுப் பித்தளை உருளை. உள்ளே ஒரு மிதவை. காற்று சேர்ந்தால் மிதவை இறங்கி வாயைத் திறக்கும், தண்ணீர் வந்தால் ஏறி மூடும். பாய்லர் அணைந்து சுற்று முழுதும் குளிர்ந்திருந்தது. அவர் விரலில் சோப்புத் தண்ணீரைத் தொட்டு வென்ட்டின் வாயில் தடவினார். மெல்லிய படலம் ஒன்று தட்டையாக நின்றது. "கீழே போய்ப் பம்பை மட்டும் 3-ல் போடு, பாய்லர் வேண்டாம்" என்றார். நான் போட்டுவிட்டு ஓடிவந்து பார்த்தேன். படலம் உள்பக்கமாகக் குழிந்து, என் கண் முன்னாலேயே உடைந்தது. மறுபடி தடவினார், மறுபடி உள்ளே குழிந்து உடைந்தது. காற்றை வெளியே விட வேண்டிய வென்ட், காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்ததும் எனக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. வேகம் 3-ல் இருந்த நாட்களில், பம்பு ஓடும்போதே மேல் ரேடியேட்டரின் திருகை ஒரு தடவை திறந்திருக்கிறேன். 'இஸ்ஸ்' என்று வெகுநேரம் வந்தது, தண்ணீர் வரவேயில்லை. நிறையக் காற்று போகிறது என்று சந்தோஷப்பட்டேன். அது போகவில்லை, வந்துகொண்டிருந்தது. இரண்டு திசைக்கும் ஒரே சத்தம்தான். அந்த நேரத்தில் ஈர விரலைத் திருகின் வாயில் வைத்திருந்தால் தெரிந்திருக்கும். காற்று விடும்போது பம்பை நிறுத்தி, கால் மணி நேரம் குமிழிகள் மேலே ஏற விட்டு, கேஜில் போதிய அழுத்தம் இருப்பதைப் பார்த்த பிறகே திறக்க வேண்டும் என்பதை அன்றைக்குப் பிறகு நான் மீறியதில்லை.

ஏன் உறிஞ்சியது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. தண்ணீர் 10 மீட்டர் உயரம் நின்றால் அடியில் ஏறக்குறைய 1 பார் அழுத்தம். எங்கள் கேஜிலிருந்து அந்த வென்ட் வரை உயரம் 5.5 மீட்டர். அதாவது தண்ணீர் வென்ட் வரை எட்டுவதற்கே 0.55 பார் செலவாகிவிடும். கேஜில் 0.6 இருந்தால் உச்சியில் மிஞ்சுவது 0.05 பார். இதுவும் பம்பு நிற்கும்போதுதான். பம்பு ஓடத் தொடங்கினால் சுற்றின் ஒவ்வொரு இடத்திலும் அழுத்தம் மாறும். மாறாத இடம் ஒன்றே ஒன்று, எக்ஸ்பான்ஷன் டேங்க் இணைந்திருக்கும் இடம். பம்பால் தண்ணீரை அதிகமாக்கவோ குறைக்கவோ முடியாது, ஆகவே டேங்கின் காற்று மெத்தையும் அமுங்காது, தளராது. அந்த இடத்திலிருந்து ஓட்டத்தின் திசையில் போகப் போக அழுத்தம் குறைந்துகொண்டே போகும்.

எங்கள் வீட்டில் டேங்க் பம்புக்கு அடுத்து, தண்ணீரைத் தள்ளும் பக்கத்தில் இணைக்கப்பட்டிருக்கிறது. உறிஞ்சும் பக்கத்தில் இருந்திருந்தால் பம்பின் தள்ளுவிசை முழுதும் சுற்றின் அழுத்தத்தோடு கூடியிருக்கும். தள்ளும் பக்கத்தில் இருப்பதால் அந்த விசை முழுதும் மற்ற இடங்களில் கழிவாகவே தெரிகிறது. வேகம் 3-ல் வென்ட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் சுமார் 0.3 பார் இழப்பு என்று அண்ணன் மதிப்பிட்டார். 0.05-ல் 0.3 கழித்தால் கால் பார் அளவுக்கு வெளிக்காற்றைவிடக் கீழே. படலம் உள்ளே குழியாமல் என்ன செய்யும்? ஓட்டம் குறைந்தால் இழப்பு அதன் இருமடி விகிதத்தில் குறையும் என்பதால், வேகம் 1-ல் இழப்பு 0.05 பாருக்குப் பக்கத்தில்தான் வரும். அதாவது உச்சியில் ஏறக்குறைய பூஜ்யம். நான் வேகத்தைக் குறைத்ததும் நிலைமை தேறியதும் இதனால்தான், முழுதாகத் தீராததும் இதனால்தான். சில நாள் காலையில் முள் 0.5-க்கு வந்துவிடும். அப்போது பம்பு நின்றிருந்தாலும் உச்சி உறிஞ்சும்.

என்னைத் திசைதிருப்பியது எது என்றும் சொல்ல வேண்டும். கேஜ் டேங்குக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பம்பைப் போட்டாலும் நிறுத்தினாலும் முள் இம்மியும் அசையாது. அழுத்தத்துக்கும் பம்புக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். மாறாத ஒரே இடத்தில் கேஜை வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

டேங்கைச் சரிசெய்தது ஒரு மதிய வேலை. மின்சாரத்தை அணைத்து, தண்ணீர் ஆறும்வரை காத்திருந்தோம். டேங்கின் முனையில் ஒரு மூடிக்குள், கார் டயரில் இருப்பது போன்ற வால்வு இருக்கும். முதலில் அதன் ஊசியை லேசாக அழுத்தினோம். தண்ணீர் வந்திருந்தால் ரப்பர்த் திரை கிழிந்துவிட்டது, டேங்கையே மாற்ற வேண்டும். எங்களுக்குத் தண்ணீர் வரவில்லை, சோர்ந்த ஒரு மூச்சு மட்டும் வந்தது. திரை பிழைத்திருக்கிறது.

காற்றடிப்பதற்கு முன் தண்ணீர்ப் பக்கத்தின் அழுத்தத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தே ஆக வேண்டும். இதில் பலர் தவறுகிறார்கள். தண்ணீர்ப் பக்கம் அழுத்தம் இருக்கும்போது டயர் கேஜை வைத்தால் அது காட்டுவது சுற்றின் அழுத்தத்தை. டேங்க் நன்றாக இருப்பது போலத் தோன்றும். பாய்லர் அருகே உள்ள வடிகுழாயில் ஹோஸை மாட்டி, முள் பூஜ்யம் தொடும்வரை தண்ணீரை விட்டோம். குழாயை மூடாமல் அப்படியே திறந்துவைத்தோம், காற்று அடிக்க அடிக்கத் திரை தள்ளும் தண்ணீர் அதன் வழியே வெளியேறுவதற்காக. சைக்கிள் பம்பால் அடித்தேன். ஒவ்வொரு அடிக்கும் ஹோஸின் வாயில் கொஞ்சம் தண்ணீர் வந்தது. பிறகு தண்ணீர் நின்று, டயர் கேஜ் ஏறத் தொடங்கியது. 0.8 பாரில் நிறுத்தினோம். உயரத்துக்கு 0.55, அதற்கு மேல் கால் பார், அவ்வளவுதான் கணக்கு. சிறிது நேரம் விட்டு மறுபடி அளந்தோம், 0.8 அப்படியே நின்றது. வடிகுழாயை மூடி, சுற்றை 1.1 பார் வரை நிரப்பினோம். உச்சியில் இப்போது 0.55 பார் மிச்சம். வேகம் 3-ல் 0.3 கழிந்தாலும் கால் பார் கையில் இருக்கும்.

அழுத்தம் சரியானபிறகுதான் காற்றை விரட்டினோம். இங்கே வேகம் 3 உதவியது. எல்லா ரேடியேட்டர் வால்வுகளையும் முழுதாகத் திறந்து, பாய்லர் இல்லாமல் பம்பை 3-ல் பத்து நிமிடம் ஓடவிட்டோம். மூலைமுடுக்கில் ஒட்டியிருக்கும் குமிழிகளை அந்த வேகம்தான் பெயர்க்கும். பிறகு பம்பை நிறுத்திக் கால் மணி நேரம் சும்மா இருந்தோம். குமிழி ஏற அந்த ஓய்வு வேண்டும். அதன் பிறகு கீழ்த்தளத்தில் தொடங்கி மேல் நோக்கி ஒவ்வொரு ரேடியேட்டராகத் திறந்தோம். இரண்டு ரேடியேட்டருக்கு ஒருமுறை கேஜைப் பார்த்து, 1.1-க்குக் குறைந்தால் நிரப்பினோம். இதை மூன்று சுற்று செய்தோம். மூன்றாவது சுற்றில் எங்கும் காற்று வரவில்லை. ஆனால் புதுத் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று இன்னும் வரவில்லை என்பதால், மறுநாள் பாய்லரை 65 டிகிரிக்கு ஓடவிட்டு, ஆறவைத்து, மேல் தளத்தை மட்டும் இன்னொரு தடவை திறந்தோம். கடைசி ரேடியேட்டரில் நாலைந்து விநாடிக்குக் காற்று வந்தது. அதோடு சரி.

இனிப் பம்பை எந்த வேகத்தில் வைப்பது என்ற கேள்வி. சத்தத்தை வைத்து வேகத்தைத் தேர்ந்தெடுப்பது தவறு என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். பாய்லரிலிருந்து போகும் குழாய்க்கும் திரும்பிவரும் குழாய்க்கும் இடையிலுள்ள வெப்ப வித்தியாசத்தை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு குழாய்களிலும் ஒவ்வொரு வெப்பமானியைக் கட்டி, மேலே துணியைச் சுற்றி, ஒவ்வொரு வேகத்திலும் அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தேன். போகும் தண்ணீரை 60 டிகிரியில் வைத்திருந்தேன். வேகம் 3-ல் திரும்பியது 54, வேகம் 2-ல் 51, வேகம் 1-ல் 46.

அந்த நேரத்தில் வீட்டுக்குப் போன வெப்பம் சுமார் 8 கிலோவாட். மணிக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது என்று தெரிய, கிலோவாட்டை 860-ஆல் பெருக்கி வெப்ப வித்தியாசத்தால் வகுத்தால் போதும். 6 டிகிரி வித்தியாசத்துக்கு மணிக்குச் சுமார் 1,150 லிட்டர், 9 டிகிரிக்கு 760, 14 டிகிரிக்கு 490. முன்னால் சொன்ன 1 மீட்டரும் 0.43 மீட்டரும் இந்தக் கணக்கிலிருந்து வந்தவைதான். ஓட்டம் பாதிக்கு மேல் குறைந்தும் ரேடியேட்டர்கள் கொடுத்த வெப்பம் கையால் உணரும் அளவுக்குக் குறையவில்லை. மிச்ச ஓட்டமெல்லாம் வீணாக ஓடி வால்வுகளில் இரைந்துகொண்டிருந்திருக்கிறது. மாலையில் அறைகள் சூடாகி, ரேடியேட்டரின் தெர்மோஸ்டாட் வால்வுகள் பாதி மூடிக்கொண்டதும் ஒரு 'உஸ்ஸ்' எழும்புமே, அதற்குக் காற்று காரணமில்லை. மூடிய வால்வுகளின் பங்கையும் சேர்த்துத் திறந்திருப்பவற்றின் வழியே பம்பு தள்ளுவதால் வருவது. நிலையான வேகத்தில் ஓடும் பம்பை 3-ல் வைத்தால் அந்த இரைச்சலைத் தவிர்க்க முடியாது.

வேகம் 1-ஐத் தேர்ந்தெடுத்தேன். உடனே ஒரு குறை தெரிந்தது. காற்று இல்லாமலேயே கடைசி ரேடியேட்டர் சூடாக வெகுநேரம் எடுத்தது, பாய்லருக்குப் பக்கத்தில் இருப்பவை சீக்கிரம் கொதித்தன. வேகத்தைக் கூட்ட வேண்டும் என்பதற்கான அறிகுறி போல இது தோன்றும். முதலில் செய்ய வேண்டியது வேறு. ரேடியேட்டரின் மறுமுனையில், பிளாஸ்டிக் மூடிக்கு உள்ளே, ஓட்டத்தை அளவாக்கும் வால்வு ஒன்று இருக்கும். அருகில் உள்ள ரேடியேட்டர்களில் அதை முழுதாக மூடி, அங்கிருந்து அரைச் சுற்று மட்டும் திறந்தேன். நடுவில் இருப்பவற்றுக்கு ஒரு சுற்று. கடைசியில் இருப்பது முழுத் திறப்பு. பிறகு இரண்டு மூன்று நாள், கால் சுற்றுக் கூட்டியும் குறைத்தும் சரிசெய்தேன். கடைசி ரேடியேட்டர் மற்றவற்றோடு சேர்ந்து சூடாக ஆரம்பித்தது, பம்பை 1-லேயே விட்டுவிட்டேன். இதைச் செய்தும் கடைசி ரேடியேட்டர் பிந்தினால் 2-க்குப் போகலாம், தவறில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. என் பாய்லருக்கு 14 டிகிரி வித்தியாசம் பொருந்தும். வெப்பப் பம்பு வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அவற்றுக்குப் பொதுவாக 5 டிகிரியை ஒட்டிய வித்தியாசமும் அதற்கேற்ற அதிக ஓட்டமும் வேண்டும். சில பாய்லர்களுக்கும் குறைந்தபட்ச ஓட்டம் இவ்வளவு என்று உண்டு. அதற்குக் கீழே போனால் வெப்பம் எடுத்துச்செல்ல ஆளில்லாமல் பாய்லருக்குள்ளேயே தண்ணீர் கொதித்து, கெட்டில் போல இரையும். கையேட்டில் அந்த எண்ணைப் பார்க்காமல் வேகத்தைக் குறைக்காதீர்கள். பம்பு மின்னணு வகையாக இருந்தால் 1, 2, 3 தவிர, அழுத்தத்தைத் தானே கட்டுப்படுத்தும் நிலைகளும் இருக்கும். தெர்மோஸ்டாட் வால்வுகள் உள்ள வீட்டில், வால்வுகள் மூட மூடத் தானாகத் தணியும் அந்த நிலைதான் வசதி. ஆனால் அதிலும் காற்று விரட்டும்போது தற்காலிகமாக உச்ச வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ரிலீஃப் வால்வு, ஒரு தடவை கசிய ஆரம்பித்துவிட்டால், அழுத்தம் சரியானபிறகும் அடைத்துக்கொள்ளாமல் போகலாம். அதன் இருக்கையில் சிறு அழுக்குத் துகள் போதும். என்னுடையது அப்படித்தான் சொட்டிக்கொண்டே இருந்தது, அதை மாற்றிய பிறகுதான் முள் உண்மையில் நிலைத்தது. கசியும் வால்வின் வாயை அடைத்து வைப்பது ஆபத்து, பாய்லருக்கு அது ஒன்றுதான் கடைசிக் காவல்.

இப்போது காலையில் 1.1, சூடானபின் 1.5. நிரப்பும் குழாயைத் தொட்டு இரண்டு மாதம் ஆகிறது. கோடையில் சுற்றை வடிக்கும்போது டேங்கின் இணைப்பைப் பம்பின் உறிஞ்சும் பக்கத்துக்கு மாற்றித்தருவதாக அண்ணன் சொல்லியிருக்கிறார். போன வாரம் நானே மேலே போய், வென்ட்டின் வாயில் சோப்புத் தண்ணீரைத் தடவி, பம்பை 3-ல் போட்டுப் பார்த்தேன். ஐந்து நிமிடம் நின்று பார்த்தேன். படலம் தட்டையாகவே இருந்து, கடைசியில் காய்ந்துபோனது.